பழைய நண்பர் மறுபடி பழகக் கூப்பிடுகிறார், எனக்கு விருப்பமில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருஷம் கழித்து மெசேஜ் போட்டிருக்கிறான். பதிலே போடாமல் விட்டுவிட்டால் அவனுக்கே புரிந்துவிடாதா?

புரியாது. பத்து வருடம் யோசித்துவிட்டு ஒருவர் நம்பர் தேடி எழுதியிருக்கிறார் என்றால், உங்கள் மௌனத்துக்கு அவர் மனதில் ஏற்கெனவே நாலு விளக்கம் தயாராக இருக்கும். நம்பர் மாறியிருக்கும், பார்த்திருக்க மாட்டான், பார்த்துவிட்டு என்ன எழுதுவது என்று தவிக்கிறான் போல, கோபம் ஆறக் கொஞ்சம் நாள் ஆகும். இந்த நாலில் எதுவும் ‘வேண்டாம்’ என்று முடியவில்லை பாருங்கள். அதனால் அடுத்த பொங்கலுக்கு வாழ்த்து வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்கள் தம்பிக்கு போன் வரும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்களை அடித்தவர், மிரட்டியவர், பின்தொடர்ந்தவர் என்றால் கனிவும் வேண்டாம், பதிலும் வேண்டாம். மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள். இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் சாதாரணமாக முறிந்துபோன நட்புகளைப் பற்றியது.

சரி, எழுதுகிறேன். என்ன எழுதுவது? ஒரு மாதிரி கிடைக்குமா?

என் கதையையே சொல்கிறேன். அதில் தப்பாக எழுதியதும் இருக்கிறது, சரியாக எழுதியதும் இருக்கிறது.

2011-ல் கல்லூரி நண்பன் ஒருவன் தனிநபர் கடன் வாங்க என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னான். 2 லட்சம், 36 தவணை, மாதம் 6,900 ரூபாய் சொச்சம். ஒன்பது தவணை கட்டினான், அப்புறம் போனை அணைத்துவிட்டான். ஜாமீன் போட்டவர் கடன் வாங்கியவருக்குச் சமமாகவே பொறுப்பு என்பது கையெழுத்துப் போடும்போது எனக்கு உறைக்கவில்லை. ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் நின்று கேட்டபோது உறைத்தது. மீதி 27 தவணையை நான்தான் கட்டினேன், ஏறக்குறைய 1,87,000 ரூபாய். அப்போது என் சம்பளம் 18,000.

2023-ல் அவனிடமிருந்து வாட்ஸ்அப்: “மச்சான், நான்தான். நம்பர் காலேஜ் குரூப்ல இருந்து எடுத்தேன். பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. ஞாயித்துக்கிழமை மதுரை வர்றேன், ஒரு டீ குடிப்போமா?”

நான் உடனே போட்ட பதில்: “நல்லா இருக்கேன்டா. இப்ப கொஞ்சம் வேலை அதிகம். அப்புறம் பார்க்கலாம்.”

மறுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். தமிழில் ‘பார்க்கலாம்’ என்பது பாதி நேரம் ‘இல்லை’தான். பொண்ணு பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனாலும், வேலை கேட்டுப் போன இடத்தில் சொன்னாலும் நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் ஆசையோடு காத்திருக்கிறவர் காதில் அது ‘பார்க்கப் போகிறோம்’ என்றுதான் விழும். ‘இப்ப’ என்ற சொல் இன்னும் மோசம், ஏனென்றால் அது ‘பிறகு’ ஒன்றைக் கூடவே கூட்டி வருகிறது. அடுத்த மாதம் அவன் என் ஆபீஸ் வாசலில் நின்றான். “வேலை முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்” என்றான். அன்றைக்கு அவன் மேல் எனக்கு வந்த எரிச்சல் நியாயமில்லாதது. வாசலைத் திறந்து வைத்தவன் நான்.

ஒரு வாரம் கழித்து எழுதியது இது:

“நீ அவ்வளவு தூரம் வந்ததுக்கு அன்னிக்கு நான் சரியா பேசல. போன தடவை ‘அப்புறம் பார்க்கலாம்’னு எழுதினது என் தப்பு, நேரா சொல்லியிருக்கணும். அந்தக் கடன் விஷயத்துக்கு அப்புறம் உன்கூட பழையபடி பழக எனக்கு விருப்பம் இல்லை. கோபத்துல சொல்லல, யோசிச்சுதான் சொல்றேன். இனிமே போன்ல பேசுறதோ நேர்ல பார்க்கிறதோ வேண்டாம். உன் வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கணும்.”

முதல் வரி அவன் செய்த முயற்சியை ஒப்புக்கொள்கிறது. மூன்றாவது வரியில் காரணம் பெயரோடு வருகிறது, ஆனால் கணக்கு வழக்கு வரவில்லை. ‘விருப்பம் இல்லை’ என்று எழுதினேன், ‘முடியாது’ என்று எழுதவில்லை. முடியாது என்றால் ஏன் முடியாது, நான் முடியவைக்கிறேன் என்று ஆரம்பிப்பார்கள். விருப்பம் இல்லாததை யாரும் சரிசெய்து தர முடியாது. ஐந்தாவது வரிதான் இதில் முக்கியமானது, என்னென்ன வேண்டாம் என்று பிட்டுப் பிட்டு வைக்கிறது. கடைசி வரி வாழ்த்து. அதில் ‘எப்பவாவது’ என்று எழுதத் தோன்றியது. எழுதி, அழித்தேன்.

எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. விஷயம் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். “இதைப் படித்தவர் உன்னை மறுபடி எப்போது கூப்பிடலாம்?” என்று கேளுங்கள். அடுத்த மாசம், வேலை குறைந்ததும், கொஞ்ச நாள் கழித்து என்று ஏதாவது பதில் வந்தால் இன்னும் தெளிவாக எழுத வேண்டியிருக்கிறது. கூப்பிடவே கூடாதுபோல என்று சொன்னால் அனுப்பலாம்.

அப்புறம், வாட்ஸ்அப் பெட்டிக்குள்ளேயே எழுதாதீர்கள். கை தவறி பாதியில் போய்விடும். அழித்தாலும் ‘அழிக்கப்பட்டது’ என்ற தடம் அங்கே நிற்கும், அதைப் பார்த்து அவர் ராத்திரி முழுக்க யோசிப்பார். நோட்ஸில் எழுதி இரண்டு நாள் வையுங்கள். தீபாவளி, பிறந்தநாள், நள்ளிரவு, இந்த மூன்றிலும் அனுப்ப வேண்டாம்.

நேரில் சொல்வதுதானே மரியாதை? மெசேஜில் சொன்னால் கோழைத்தனம் இல்லையா?

அவர் மெசேஜில் கேட்டார், நீங்கள் மெசேஜில் சொல்கிறீர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. நேரில் உட்கார்ந்தால் அவர் கண் கலங்கும், நீங்கள் ‘சரி விடு, பார்க்கலாம்’ என்பீர்கள். வாய்ஸ் நோட்டும் வேண்டாம். உங்கள் குரலில் இருக்கும் தயக்கம் சொல்லை முந்திக்கொண்டு போய்ச் சேரும். அவர் கடிதமாக எழுதியிருந்தால் மட்டும் கடிதமாகவே பதில் எழுதுங்கள்.

‘நீ’ என்று எழுதுவதா, ‘நீங்க’ என்று எழுதுவதா?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, தடுமாறுகிறவர்கள் அதிகம். வாடா போடா என்று பழகிய ஒருவருக்கு ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று எழுதினால் அது மரியாதையாகப் போய்ச் சேராது, அறைந்தமாதிரி இருக்கும். மறுபக்கம், ‘மச்சான்’, ‘டி’, ‘டா’ போட்டு எழுதினால் வாய் பழைய இடத்துக்கே போய்விட்டது என்று தெரியும். அதற்குப் பிறகு எழுதும் ‘வேண்டாம்’ ஊடல் மாதிரி ஆகிவிடும்.

‘நீ’ இருக்கட்டும், ‘டா’வை எடுத்துவிடுங்கள். பட்டப்பெயரும் வேண்டாம். மேலே இருக்கும் என் இரண்டு மெசேஜ்களை ஒப்பிட்டால் தெரியும், முதலாவதில் ‘இருக்கேன்டா’ இருக்கிறது, இரண்டாவதில் ஒரு ‘டா’ கூட இல்லை. ஆரம்பத்திலிருந்தே ‘நீங்க’ என்று பழகியவர்கள் அதையே தொடரலாம். இலங்கைத் தோழி ஒருத்தி சொன்னாள், அவர்கள் பக்கம் நெருங்கியவர்களையே ‘நீங்கள்’ என்று பேசும் வீடுகள் உண்டு, அங்கே இந்தச் சிக்கலே வராது என்று. மொத்தத்தில், கடைசியாக நல்லபடி பேசிக்கொண்ட நாளில் என்ன விளித்தீர்களோ அதிலிருந்து செல்லத்தை மட்டும் கழியுங்கள்.

காரணத்தை முழுசாகச் சொன்னால்தானே அவளுக்குப் புரியும்?

ஒரு வரி போதும். ‘என் கல்யாணப் பேச்சு நடந்தபோது நீ அவங்க வீட்டுல சொன்னதுக்கு அப்புறம்’ என்றால் அவளுக்குத் தெரியும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள், அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று விரித்தால், அவள் அதில் ஒரு பிழையைக் கண்டுபிடிப்பாள். “நான் அப்படிச் சொல்லல, உன் சித்திதான் திரிச்சுட்டாங்க.” பிறகு பேச்சு சித்தியைப் பற்றிப் போகும். மூன்று மாதம் போகும். நீங்கள் விலக நினைத்தவரோடு தினமும் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பொய்க் காரணமும் சொல்லாதீர்கள். ‘வீட்டுக்காரருக்குப் பிடிக்கல’ என்று கணவர் தலையில் கட்டுவது நிறைய நடக்கிறது. அது தெருவில் பரவி, அவர் மனைவியை அடக்கி வைத்திருக்கிறார் என்று திரும்பி வரும்.

காரணமே தெரியாமல் ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் (இதுவும் நடக்கும், நமக்குத்தான் அது மலை, அவருக்கு நினைவே இருக்காது) இரண்டு வரி கூடுதலாகச் சொல்வது நியாயம். அதற்கு மேல் அவர் வாதாடினால், “நீ வேற மாதிரி பார்க்கலாம், என் முடிவு இதுதான்” என்று ஒரு முறை எழுதி நிறுத்துங்கள்.

மனசாரத்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். மன்னித்துவிட்டேன், ஆனால் பழக மாட்டேன் என்றால் மன்னித்ததே பொய் ஆகாதா?

ஆகாது. மன்னிப்பது நடந்துபோன விஷயத்துக்கு, பழகுவது நாளைக்கு. வண்டியை இரவல் வாங்கி இடித்தவரை மன்னிக்கலாம், மறுபடி சாவி கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

எழுதும்போது இரண்டையும் ‘ஆனால்’ போட்டு ஒரே வாக்கியத்தில் சேர்க்காதீர்கள். “மன்னிச்சுட்டேன், ஆனா பழக முடியாது” என்று எழுதினால் முன்பாதி பொய்யாகத்தான் கேட்கும். தனித்தனி வாக்கியமாக வையுங்கள்: “நீ மன்னிப்புக் கேட்டது எனக்குப் பெரிய விஷயம். அந்தக் கோபம் இப்ப என்கிட்ட இல்லை. மறுபடி பழகுறது வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன்.” இன்னும் மன்னிக்கவில்லை என்றால் மன்னித்ததாக எழுத வேண்டாம். மன்னிப்புக் கேட்டதற்கு நன்றி மட்டும் சொன்னால் போதும்.

தர வேண்டிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்கிறான். வாங்கிக்கொண்டால் பழகித்தானே ஆகணும்?

வேண்டியதில்லை. கடன் ஒரு கணக்கு, நட்பு இன்னொரு கணக்கு. எனக்கும் இது வந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகு, “காசைத் தந்துடறேன், வீட்டுக்கு வந்து தர்றேன்” என்றான். பணத்தைவிட அந்த ‘வீட்டுக்கு வந்து’ என்பதில்தான் அவன் கண் இருந்தது. வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் அனுப்பி, “இதுல போட்டா போதும், வந்ததும் ரசீது மாதிரி ஒரு மெசேஜ் போடறேன். நான் முன்னாடி சொன்னதுல மாற்றம் இல்லை” என்று எழுதினேன். இரண்டு தவணையாக 60,000 வந்தது, வந்ததும் தொகையும் தேதியும் எழுதி அனுப்பினேன். மீதி வரவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டு வழக்குப் போடலாமா என்றால், இந்தியாவில் இப்படிப்பட்ட பணத்துக்குப் பொதுவாக 3 வருடம்தான் கெடு. ஜாமீன்தாரர் கட்டிய பணத்துக்கு, கட்டிய தேதியிலிருந்து கணக்கு. எனக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. கெடு போனால் கோர்ட்டுக்குப் போகும் வழிதான் அடைபடும், கடன் இல்லை என்று ஆகிவிடாது. அதனால் அவராகத் தந்தால் தயங்காமல் வாங்கலாம்.

பணம் தர வேண்டியவர் நீங்கள் என்றால் வரிசை மாறும். முதலில் பணத்தைத் தீருங்கள், அப்புறம் மறுப்பை எழுதுங்கள். தராமல் வைத்துக்கொண்டு ‘பழக விருப்பமில்லை’ என்றால் அது கடனுக்குப் பயந்து ஒளிவதாகத்தான் தெரியும், உண்மையிலும் பாதி அதுவாகவே இருக்கும். ஒரேயடியாகத் தர முடியாமல், தொகையில் தகராறும் இருந்தால், எழுத்தில் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். கெடுவுக்குள் கடனை எழுதி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் 3 வருடம் அங்கிருந்து புதிதாக ஓட ஆரம்பிக்கும்.

பொது நண்பர்களை விட்டுத் தூது விடுகிறான். போதாததுக்கு என் அம்மாவுக்கே போன் பண்ணி அழுதிருக்கிறான்.

தூது வருகிறவரிடம் கதையைச் சொல்லாதீர்கள், பதிலை மட்டும் சொல்லுங்கள். “அவனுக்கு நேராவே எழுதிட்டேன். நீ நடுவுல நிக்க வேண்டாம். நாம ரெண்டு பேரும் எப்பவும் போலத்தான்.” இந்த மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். யார் பக்கம் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில்தான் பல பேர் சமாதானம் பேசவே வருகிறார்கள்.

அம்மா விஷயம் வேறு. அவர்களுக்கு அவன் இன்னும் சனிக்கிழமை வந்து நாலு தோசை தின்றுவிட்டுப் போன பையன். ‘ஏன்டா இப்படிக் கல்லா இருக்க’ என்பார்கள். அம்மாவைத் தடுக்கப் பார்க்காதீர்கள். அவன் வந்தால் காபி கொடுப்பதும் நலம் விசாரிப்பதும் அவர்கள் விருப்பம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: “என் நம்பரோ, நான் எப்ப வீட்டுல இருப்பேன்னோ சொல்லாதீங்கம்மா.” என் அம்மா இதை மூன்று மாதம் காப்பாற்றினார்கள். நாலாவது மாதம் உளறிவிட்டார்கள்.

நேரில் வந்து கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகாவிட்டால் தப்பாகாதா?

பத்திரிகையைக் கையில் வாங்குவது வாசலுக்கு வந்தவருக்குச் செய்யும் மரியாதை. வாங்கியதால் வருவதாக ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. ஆனால் வாங்கும்போது ‘கண்டிப்பா வர்றேன்’ என்று வாய் தானாகச் சொல்லும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “நல்லபடியா நடக்கட்டும்” போதும். இரண்டு நாளில் “நேர்ல வந்து வச்சதுக்கு நன்றி. நான் வரல. பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்கணும்” என்று எழுதிவிடுங்கள்.

சிக்கல் மொய்யில் இருக்கிறது. வராவிட்டாலும் யாரிடமாவது ஐந்நூறு கொடுத்துவிடலாம் என்று தோன்றும். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மொய் நோட்டில் உங்கள் பெயர் ஏறினால் அது வெறும் வாழ்த்தாக நிற்காது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைத் திருப்பிச் செய்யும் கடமையோடு அவர்கள் வந்து நிற்பார்கள், வராமல் இருந்தால் அவர்களுக்குத்தான் அவமானம். நீங்கள் மூடியதை நோட்டு திறந்துவிடும். ஆகவே கொடுத்து அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் பாருங்கள். முறிவதற்கு முன்னால் உங்கள் விசேஷத்தில் அவர்கள் செய்த மொய் பாக்கி இருக்கலாம். இருந்தால் இதுதான் அதைத் தீர்க்கும் சமயம். செய்த தொகையை மட்டும், கூட்டிப் போடாமல், நம்பகமான ஒருவர் மூலம் அனுப்புங்கள். கூட்டிப் போட்டால் அந்தக் கூடுதல் அவர்கள் மேல் புதுப் பாக்கியாக ஏறும்.

அவளுடைய அப்பா இறந்துவிட்டார். நான் போகலாமா?

அவருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றால் போங்கள். நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் என்றுதான் நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறார்கள். மாலை போடுங்கள், அவள் கையைப் பிடியுங்கள், அழுதால் அழட்டும், பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அன்றைக்கு எதையும் தெளிவுபடுத்த வேண்டாம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவள் மறுபடி எழுதினால், “அப்பாவுக்காக வந்தேன். நமக்குள்ள நான் சொன்னது அப்படியேதான் இருக்கு” என்று மெதுவாகச் சொல்லலாம்.

எல்லாம் சொல்லியாகிவிட்டது. இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறான்.

முதல் பதிலுக்குப் பிறகு அவர் வருத்தப்பட்டோ திட்டியோ ஒரு மெசேஜ் போடுவார். அதை விட்டுவிடுங்கள், அது அவருக்கு வேண்டியிருக்கிறது. மறுபடி கேட்டால் ஒரே ஒரு தடவை: “என் பதில் மாறல. இனிமே நான் பதில் எழுத மாட்டேன்.” அதன்பின் உண்மையிலேயே எழுதக் கூடாது. பத்தாவது மெசேஜுக்குப் பதில் போட்டால், பத்து போட்டால் பதில் வரும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகும்.

அதற்கு மேலும் வந்தால் பிளாக் செய்யலாம். வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தால் சாதாரண போன் கால் வருவது நிற்காது, அதைப் போனில் தனியாகத் தடுக்க வேண்டும். இரண்டு பேரும் இருக்கும் காலேஜ் குரூப்பிலும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கத்தான் செய்வார். அதற்காகக் குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள். அவருடைய செய்திக்கு மட்டும் பேசாமல் இருங்கள், குரூப்பை மியூட்டில் போட்டுவிடுங்கள்.

‘நீ பேசலைன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்’ என்று எழுதினால் மட்டும் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. மிரட்டலா உண்மையா என்று நீங்கள் எடைபோட வேண்டாம். அவர் வீட்டில் ஒருவரை உடனே போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவருக்கு டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ அனுப்புங்கள், தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும். இப்போதே ஆபத்து என்று தோன்றினால் 112-ஐக் கூப்பிடுங்கள். கூட இருக்க வேண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதுவரை உங்கள் வேலை. அதற்காகப் பழைய நட்பைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரே ஊர். கடைத்தெருவில் எதிரே வந்தால்?

தலையசையுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள் நுழைய வேண்டாம், பகை என்று நீங்கள் எழுதவில்லையே. “நல்லா இருக்கியா” என்று கேட்டால் “இருக்கேன்” என்று சொல்லலாம், திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் நின்று பேசும்படி ஆகிவிடும்.

போன வருடம் மாட்டுத்தாவணியில் அவனைப் பார்த்தேன். திருச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான், கூட ஒரு பையன், அவன் ஜாடையிலேயே. தலையசைத்தேன், அவனும் அசைத்தான். பையன் “யாருப்பா?” என்று கேட்டது காதில் விழுந்தது. “கூடப் படிச்சவருடா” என்றான்.